‘அடிச்சுருக்கம்’ என்ற சொல் சரியா?

முத்து:
ஜப்பானைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். மக்கள்தொகைப் பிரமிடின் அடியில் குழந்தைகளுக்கான பட்டைகள் வரவரக் குறுகிக்கொண்டே போகின்றன இல்லையா, அதற்கு ‘அடிச்சுருக்கம்’ என்று போடலாமா? பெண்கள் பிள்ளை பெறுவது குறைகிறது என்பதுதானே பொருள்.

தேவகி:
சுருக்கம் என்றதும் எனக்கு முகச்சுருக்கமும் கதைச்சுருக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘அடி மெலிவு’ தேவலை. ஆனால் பொருள் பாதிதான் சரி. 2005-ல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.26 பிள்ளை, 2015-ல் 1.45. கூடித்தான் இருக்கிறது. பிறந்த குழந்தைகளோ 10.6 லட்சத்திலிருந்து 10.06 லட்சமாகக் குறைந்துவிட்டார்கள். காரணத்தை அடியில் தேடாதீர்கள், கொஞ்சம் மேலே 25 முதல் 35 வயதுப் பெண்கள் பக்கம் பாருங்கள். 1973-ல் பிறந்த ஏறக்குறைய 21 லட்சம் பேருக்கு 2005-ல் வயது 32, 2015-ல் 42. அவர்களுக்குப் பின்னால் வந்த பட்டைகள் குட்டை, அதாவது தாயாகக் கூடியவர்களே குறைவு. 2024-ல் பிறந்தவர்கள் 6.9 லட்சத்துக்கும் கீழே. 2050-களின் தாய்மார்கள் இவர்களில் பாதிதான், வெளிநாட்டிலிருந்து வந்து சேர்கிறவர்களைத் தவிர.

பாஸ்கர்:
எங்கள் ஊரிலும் இதே கதைதான். நான் படித்த ஆரம்பப் பள்ளியில் இப்போது பதினொரு பிள்ளைகள்.

தேவகி:
அது வேறாக இருக்கலாம். பத்து வருடம் முந்தைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று 15 வயதில் இருந்த பட்டை இன்று 25-ல் ஏறக்குறைய அதே நீளத்தில் இருக்க வேண்டும். பாதியாகியிருந்தால் ஆட்கள் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள், பிள்ளைகளும் அங்கேதான் பிறக்கும். ஜப்பான் படத்தில் இதைப் பழக ஒரு நல்ல அடையாளம் உண்டு. 1966 ‘நெருப்புக் குதிரை’ ஆண்டு, அதில் பிறக்கும் பெண் புருஷனுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை (நம் ‘பெண் மூலம் நிர்மூலம்’ மாதிரிதான்), முந்தைய ஆண்டின் 18 லட்சம் பிறப்புகள் 13.6 லட்சமாக விழுந்தன. அந்தப் பள்ளம் வருடத்துக்கு ஒரு படி ஏறி 2024 படத்தில் 58 வயதில் நிற்கிறது.

சிவம்:
அடி மெலிந்துவிட்டால் அது பிரமிடே இல்லை ஐயா, பம்பரம். முதலில் அந்தப் பெயரை மாற்றுங்கள். ‘அகவை அடுக்கு’ என்றால் எந்த வடிவத்துக்கும் பொருந்தும்.

முத்து:
சரி, படத்துக்கு அகவை அடுக்கு, வடிவத்துக்கு அடி மெலிவு. அப்புறம் தேவகி சொன்ன காரணத்துக்கும் ஒரு சொல் வேண்டுமே, ‘தாய்க்குறை’?

தேவகி:
ஐயையோ, குறை தாயிடம்தான் என்று படித்துவிடுவார்கள்! இயற்பியலில் இருந்து உந்தத்தை எடுத்து ‘இறங்கு உந்தம்’ என்று வைக்கலாமா? எனக்கே அது முழுசாகப் பிடிக்கவில்லை.