ஒரு குண்டான் சாம்பார், 15 கிண்ணங்கள்: கலோரியும் புரதமும் எப்படிக் கணக்கிடுவது?

ஞாயிறு சமையல் கேட்டது:
வாரக் கடைசியில் ஒரு குண்டான் முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்து, கிண்ணங்களில் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறோம். போட்டவை: துவரம்பருப்பு 300 கிராம், சின்ன வெங்காயம் 150, தக்காளி 150, முருங்கைக்காய் 200, சாம்பார்ப் பொடி 25, புளி 30, நல்லெண்ணெய் 30 கிராம். அப்பா ஒரு நாளைக்குச் சாப்பிடும் புரதத்தைக் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாக் கிண்ணங்களும் சமமாக இருக்க எப்படிப் பிரிப்பது? ஒரு கிண்ணத்தில் எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம்?

எடைக்கல்:
முதலில் வெறும் குண்டானை எடை போட்டு, அந்த எண்ணை எங்காவது எழுதி வையுங்கள். சமையல் முடிந்தபின் சாம்பாரோடு சேர்த்து எடை போட்டால் 4.35 கிலோ வருகிறது, வெறும் குண்டான் 1.35 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாம்பார் சரியாக 3 கிலோ. கிண்ணத்துக்கு 200 கிராம் என்றால் 15 கிண்ணங்கள். வீட்டுத் தராசுகள் பெரும்பாலும் 5 கிலோ வரைதான் தாங்கும் என்பதால், அதைவிடப் பெரிய பாத்திரமாக இருந்தால் இரண்டு பாத்திரங்களில் மாற்றி எடை போட வேண்டும்.

சத்துக் கணக்கைச் சமைப்பதற்கு முன்பிருந்த எடையிலிருந்தே போட வேண்டும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணைகளை ஒட்டிப் பார்த்தால், 100 கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 335 கலோரியும் 22 கிராம் புரதமும் உண்டு. ஆகவே உங்கள் 300 கிராமில் 1005 கலோரி, 66 கிராம் புரதம். எண்ணெய் 30 கிராமுக்கு 270 கலோரி. அதில் புரதம் இல்லை. வெங்காயம், தக்காளி, முருங்கையின் உண்ணக்கூடிய பகுதி ஆகிய மூன்றும் சேர்ந்து 145 கலோரி, 7 கிராம் புரதம். பொடியும் புளியும் சேர்த்து அதிகபட்சம் 150 கலோரி, 4 கிராம் புரதம். மொத்தம் 1570 கலோரி, 77 கிராம் புரதம். 15-ஆல் வகுத்தால் கிண்ணத்துக்கு 105 கலோரி, 5 கிராமுக்குச் சற்று மேல் புரதம்.

பருப்புப் பிரியர்:
இந்தக் கணக்கில் புரதம் மிகக் குறைவாக வருகிறது. நாம் உண்பது வெந்த பருப்பைத்தானே தவிர, பையில் இருக்கும் பருப்பை அல்ல. 300 கிராம் பருப்பைக் குக்கரில் வேகவைத்து மசித்தபின் நான் எடை போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 900 கிராம் நிற்கிறது. 900 கிராமுக்கு 22 விழுக்காடு என்றால் 198 கிராம் புரதம். கிண்ணத்துக்கு 13 கிராம். உடற்பயிற்சி செய்பவர்கள் பலரும் சாம்பாரை நம்பியிருப்பது இதனால்தான்.

எடைக்கல்:
வெந்த பருப்பைத்தான் உண்கிறோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 22 விழுக்காடு என்பது உலர்ந்த பருப்புக்கான எண். பருப்பு 300 கிராமிலிருந்து 900 கிராமாக ஏறியது முழுக்கத் தண்ணீரால். குக்கருக்குள் புரதம் உற்பத்தியாவதில்லை. பையிலிருந்து எடுத்த 300 கிராமில் மொத்தமே 66 கிராம் புரதம்தான் இருந்தது என்றால், வெந்தபின் அதிலிருந்து 198 கிராம் எப்படி வரும்? இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. பருப்பின் உலர்ந்த எடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பருப்பின் புரதம் வந்துவிட்டால், கணக்கில் எங்கோ உலர் எடையும் வெந்த எடையும் கலந்துவிட்டன என்று பொருள்.

பருப்புப் பிரியர்:
அப்படியானால் வெந்த பருப்புக்கென்று தனியாகக் கொடுத்திருக்கும் எண்ணைப் பயன்படுத்தலாமே. 100 கிராமுக்கு 7 கிராம் என்று எடுத்தால் 63 கிராம் வருகிறது; உங்கள் 66-க்கு அருகில்தான் இருக்கிறது. சமைப்பதற்கு முன்பே எடை போட வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறீர்கள்?

எடைக்கல்:
இந்த முறை உங்கள் பருப்பில் இருந்த தண்ணீரும் அந்த எண்ணைக் கணித்தவர்களுடைய பருப்பில் இருந்த தண்ணீரும் ஒத்துப்போனதால் அருகில் வந்தது. இன்னும் இரண்டு தம்ளர் தண்ணீர் விட்டு வேகவைத்தால் மசியலின் எடை 1300 கிராமாகும். அதே 7-ஐப் பயன்படுத்தினால் 91 கிராம் புரதம் என்று காட்டும். உலர்ந்த எடையைப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் மொத்தம் மாறாது.

அடுப்பங்கரை:
மொத்தக் கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் 200 கிராம் வீதம் தராசில் அளந்துவிட்டால் எல்லாக் கிண்ணங்களும் சமமாகிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. பெரிய குடும்பத்துக்குப் பரிமாறியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: அடுப்பை அணைத்துச் சற்று நேரம் விட்டாலே பருப்பு அடியில் தங்கிவிடும், தாளித்த எண்ணெய் மேலே மினுங்கிக்கொண்டு நிற்கும். மேலாக அள்ளினால் புளித்தண்ணீர் வரும்; கடைசிக் கரண்டியில் கூட்டுப் போலக் கெட்டியாக வரும். இரண்டும் தராசில் 200 கிராம்தான். எடை சமமாக இருந்து சத்து சமமாக இல்லையென்றால், தசமப் புள்ளி வரை கணக்குப் போட்டு என்ன பயன்?

எடைக்கல்:
நீங்கள் சொல்வது மிகச் சரி. இதை எண்ணில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு கிண்ணத்தின் 105 கலோரியில் பருப்பின் பங்கு 67, எண்ணெயின் பங்கு 18. புரதத்திலோ 5.1 கிராமில் 4.4 கிராம் பருப்பிலிருந்தே வருகிறது. மேலாக அள்ளிய ஒரு கிண்ணத்தில் பருப்பு பாதியாகவும் எண்ணெய் இரண்டு மடங்காகவும் விழுந்தால், கலோரி 105-லிருந்து 90-க்குத்தான் இறங்கும், ஏனெனில் குறைந்த பருப்பில் ஒரு பகுதியை எண்ணெய் ஈடு கட்டிவிடுகிறது. புரதத்துக்கு அப்படி ஈடு கட்ட எதுவும் இல்லை என்பதால் அது 5.1-லிருந்து 2.9-க்கு விழுந்துவிடும். கலோரி மட்டும் பார்ப்பவர் இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. இங்கே கேட்டிருப்பவர் அப்பாவுக்காகப் புரதம் பார்ப்பதால் கட்டாயம் கவலைப்பட வேண்டும்.

அடுப்பங்கரை:
அப்படியானால் பிரிக்கும் விதத்தைச் சொல்கிறேன். பருப்பை மத்தால் நன்றாகக் கடைந்து சேருங்கள். முழுப் பருப்பாக மிதக்கவிட்ட சாம்பார்தான் சீக்கிரம் தெளியும். பதினைந்து கிண்ணங்களையும் வரிசையாக வைத்து, ஒவ்வொரு முறையும் குழிக்கரண்டியை அடிவரை விட்டுக் கிளறி, முதல் கிண்ணத்திலிருந்து பதினைந்தாவது வரை பாதிப் பாதியாக ஊற்றுங்கள். பிறகு பதினைந்தாவதிலிருந்து முதல் கிண்ணத்துக்குத் திரும்பி வந்து மீதிப் பாதியை ஊற்றுங்கள். முதல் சுற்றில் தெளிவாக விழுந்த கிண்ணத்துக்கு இரண்டாம் சுற்றில் கெட்டியாக விழும். எல்லாவற்றையும் ஒரே உயரமுள்ள கண்ணாடிக் கிண்ணங்களில் வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் விட்டால், அடியில் படியும் மஞ்சள் அடுக்கு ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

விடுதிச் சமையல்:
நான் 200 பேருக்குச் சமைக்கிறேன். சாம்பார் எல்லோருக்கும் பற்றாமல் போகும்போது எளிய வழி, அரிசி மாவைக் கரைத்து ஊற்றி ஒரு கொதி விடுவதுதான். பரங்கிக்காய் சேர்த்தாலும் கெட்டியாகும். கெட்டித்தன்மை சமமாக இருந்தால் யாருக்கும் மனக்குறை வராது. இதற்குத் தராசு தேவைப்படாது.

எடைக்கல்:
கேள்வி பற்றாக்குறையைப் பற்றியது அல்ல என்றாலும், நீங்கள் சொன்னதில் கேட்டவர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 50 கிராம் அரிசி மாவு ஊற்றினால் குண்டானில் ஏறத்தாழ 175 கலோரி கூடும். புரதம் 3 அல்லது 4 கிராம்தான் கூடும். அதாவது கிண்ணத்துக்கு 12 கலோரி ஏறியிருக்கும், புரதம் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும், பார்வைக்கு மட்டும் பருப்பு நிறைந்த சாம்பார் போலத் தோன்றும். மாவு கரைத்தால் அதையும் எடை போட்டுப் பட்டியலில் சேருங்கள். வெளியில் வாங்கும் சாம்பாரின் கெட்டித்தன்மையை வைத்துப் புரதத்தை ஊகிக்க முடியாததற்கும் இதுவே காரணம்.

ஞாயிறு சமையல்:
இரண்டு ஐயங்கள். மறுநாள் சாம்பார் இறுகிவிடுவதால் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைக்கிறோம். அப்போது 200 கிராம் என்ற அளவு என்ன ஆகும்? முருங்கைக்காய்த் துண்டுகள் ஒரு கிண்ணத்தில் நான்கும் இன்னொன்றில் ஒன்றும் விழுந்தால் என்ன செய்வது?

எடைக்கல்:
பிரித்து முடித்த பிறகு கிராமை மறந்துவிட்டுப் பங்கை மட்டும் நினைவில் வையுங்கள். 15-இல் 6 கிண்ணங்கள் மீதியிருந்து, அவற்றை ஒன்றாக ஊற்றிக் கால் லிட்டர் தண்ணீர் சேர்த்துச் சூடாக்கினாலும், அதில் இருப்பது மொத்தத்தின் 15-இல் 6 பங்கு, அதாவது 628 கலோரியும் 31 கிராம் புரதமும்தான். அதை 6 பேர் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் பழைய எண்களே பொருந்தும். கிண்ணத்தின் எடை கூடியிருப்பது வெறும் தண்ணீர். தண்ணீர் விட்டபின் மறுபடியும் 200 கிராமாக அளந்து, அதற்குப் பழைய 105 கலோரியை எழுதினால் மட்டுமே பிழை வரும்.

முருங்கையைப் பொறுத்தவரை, மென்று துப்பும் சக்கையும் தராசில் எடையாக நிற்கிறது. துண்டுகளைத் தனியே எடுத்து எண்ணிப் பகிர்ந்துவிட்டு, குழம்பை மட்டும் எடை போட்டுப் பிரிப்பது நல்லது. அப்போது கிண்ணத்துக்கு 200 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் குழம்பு வரும்; 15 பங்கு என்பது மாறாது.

அடுப்பங்கரை:
துண்டுகளைத் தனியே எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கொதிக்கும் குழம்பிலிருந்து முருங்கையை வெளியே எடுத்தால் அதன் உள்சதை பாதி கரண்டியோடு போய்விடும். துண்டோடு ஒட்டிக்கொண்டு வரும் குழம்பையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் காயில் மொத்தமாகவே 2, 3 கிராம் புரதம்தான் இருக்கிறது. ஊற்றும்போது எல்லாக் கிண்ணங்களிலும் துண்டுகள் சமமாக விழுகின்றனவா என்று பார்த்துக்கொண்டாலே போதும்.

எடைக்கல்:
துண்டின் புரதத்தைவிட அதன் எடைதான் என் கவலை. நான்கு துண்டுகள் விழுந்த கிண்ணத்தில் அவை 50 கிராம் இடத்தைப் பிடித்துக்கொண்டால், பருப்புக் குழம்பு 150 கிராம்தான் மிஞ்சும். அங்கே புரதம் ஏறத்தாழ ஒரு கிராம் குறைகிறது. சமமாக விழும்படி பார்த்து ஊற்ற முடிந்தால் உங்கள் முறையும் என் முறையும் ஒரே இடத்துக்குத்தான் வரும். பதினைந்து கிண்ணங்களுக்கும் கரண்டியிலேயே அப்படி எண்ணி ஊற்ற முடியும் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை.

பருப்புப் பிரியர்:
கிண்ணத்துக்கு 5 கிராம்தான் என்றால், கேட்டவர் அடுத்த முறை பருப்பை 450 கிராமாக ஏற்றிப் பார்க்கலாம். காயும் எண்ணெயும் மாறாமல், அதே 15 கிண்ணங்களுக்குப் புரதம் 7 கிராமுக்கு மேல் போகும். கலோரி 138 ஆகும்.

அடுப்பங்கரை:
அவ்வளவு பருப்புக்கு 30 கிராம் புளி போதாது. பொடியையும் உப்பையும் ஏற்ற வேண்டியிருக்கும். அப்பாவுக்கு உப்பிலும் கட்டுப்பாடு இருக்கிறதா என்பதைக் கேட்டவர் முதலில் சொல்லட்டும்.