அளவுப் பெட்டியைத் தலைதட்டி மட்டமாக நிரப்பச் சொல்வது தேவையா, வெறும் கெடுபிடியா?

செங்கோட்டை வாசி:
தம்பி ஒரு வீட்டு வேலையில் சித்தாளாகச் சேர்ந்திருக்கிறான். முதல் நாளே ஃபோர்மேன் புதுப் பையன்களை நிறுத்தி வைத்து, பெட்டியைக் கூம்பாக நிரப்பாதே, தலைதட்டி மட்டமாக நிரப்பு என்று ரொம்ப நேரம் பேசினாராம். ரெண்டு கை மணல் கூடினால் கான்கிரீட்டுக்கு என்ன ஆகிவிடும்?

புளியரை ஃபோர்மேன்:
புதிதாக வருகிற பையன்களிடம் நானும் இதைத்தான் முதலில் பேசுவேன். பேசுவதை அப்படியே எழுதுகிறேன்.

"தம்பிகளா, இந்தப் பெட்டியைப் பாருங்க. உள்ளளவு நீளம் 40 சென்டிமீட்டர், அகலம் 35, ஆழம் 25. பெருக்கினால் 35 லிட்டர். ஆசாரி தன் இஷ்டத்துக்கு அடித்த பெட்டி இல்லை இது. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்குள் இருக்கிற சரக்கும் ஏறக்குறைய 35 லிட்டர்தான். ஆக, ஒரு மூட்டை என்றால் ஒரு பெட்டி. சிமெண்டைப் பெட்டியில் அளக்க வேண்டாம், கொட்டினால் அது பொங்கி நிற்கும். மூட்டையை முழுசாக உடைத்துப் போடு. அதற்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூணு பெட்டி முக்கால் இன்ச் ஜல்லி. நம்ம கணக்கு பெட்டியின் விளிம்போடு முடிகிறது.

இப்போ கூம்பாகக் கொட்டிப் பாருங்க. நடுவில் 10 சென்டிமீட்டர் எழும்பி நின்றாலே நாலரை லிட்டருக்கு மேல் இருக்கும். ஒரு பெட்டியில் எட்டில் ஒரு பங்கு. நாலு தடவை அப்படிப் போட்டால் அரைப் பெட்டி சரக்கு கூடுதலாக உள்ளே போய்விடும். சிமெண்ட் மூட்டை மட்டும் கூம்பாக வராது, அது அதே 50 கிலோதான்.

அப்புறம் நடப்பதைக் கேளுங்க. சரக்கு கூடினால் கலவை வறண்டு நிற்கும். மேலே கொத்தனார் 'தண்ணி பத்தலை'ன்னு சத்தம் போடுவார். மெஷின் பக்கத்தில் நிற்கிறவன் அரை வாளி ஊற்றுவான். வீட்டைக் கெடுப்பது அந்த அரை வாளிதான். எம் 20 கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது. மணலில் இருக்கிற ஈரமும் அதில் சேர்த்தி. கூடுதலாக ஊற்றின தண்ணீர் காய்ந்து போகும்போது அது இருந்த இடம் பொடி ஓட்டையாக நிற்கும். அதனால், தண்ணீரைக் காக்கணும் என்றால் பெட்டியிலிருந்தே ஆரம்பிக்கணும்.

நிரப்புகிற விதம் இதுதான். பாண்டில் அள்ளித் தளர்வாகக் கொட்டு. மட்டப்பலகையை விளிம்பில் வைத்து, அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்து வழித்துத் தள்ளு. அமுக்காதே. பெட்டியைத் தூக்கித் தரையில் தட்டாதே, தட்டினால் மணல் இறங்கி மேலும் சரக்குக்கு இடம் கொடுக்கும். ஜல்லி பலகைக்கு அடங்காது. கையால் நிரவு, மேலே துருத்துகிற கல்லும் கீழே தெரிகிற பள்ளமும் சரிக்குச் சரியாக இருக்கட்டும். அரைப் பெட்டிக்கு உள்ளே கோடு போட்டிருக்கிறது, அதோடு நிறுத்து."

இவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகு ஒரு பெட்டியை நானே வழித்துக் காட்டுவேன், ஒவ்வொருவனையும் ஒரு பெட்டி வழிக்கச் சொல்லுவேன்.

கடையநல்லூர் கொத்தனார்:
அண்ணாச்சி, பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனால் நம்ம ஊருக்கு அது முழுசாகப் பொருந்தாது. ஜூன் பிறந்தால் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வரைக்கும் சாரல். மணல் நனைந்து உப்பி நிற்கும். அந்த மணலைத் தலைதட்டி அளந்தால் உண்மையில் மணல் குறைவாகத்தான் போகும். எங்க அப்பா காலத்திலிருந்து சாரலில் கூம்பாகத்தான் போடுவோம். அந்தக் கட்டடமெல்லாம் இன்றைக்கும் நிற்கிறது.

பாறசாலை ராஜா:
எனக்குப் புரியலை. பெட்டி வைக்கிற தரை மட்டமாக இருக்கணும்னு சொல்றாரா? எங்க சைட்டில் சரிவில்தான் பெட்டியை வைப்போம், ஒண்ணும் ஆனதில்லையே.

புளியரை ஃபோர்மேன்:
தரை இல்லை தம்பி, பெட்டியின் வாய். ஆனால் சரிவில் வைத்தால் கண் ஏமாறும், ஒரு பக்கம் குறைவாகத் தெரிந்து அந்தப் பக்கம் கூடக் கொட்டிவிடுவீங்க. ஒரு பலகையை அடியில் கொடுத்து வையுங்க.

கொல்லம் ரெடிமிக்ஸ்:
இந்த விவாதமே வேண்டாத வேலை. பெட்டியை மட்டமாக வைத்தாலும் கூம்பாக வைத்தாலும் கொள்ளளவால் அளப்பதே தப்பு. எடை போடுங்கள். ஐ.எஸ். 456 விதித்தொகுப்பே எடையால் அளப்பதைத்தான் விரும்புகிறது. கொத்தனார் சொன்ன மாதிரி ஈர மணல் கால்வாசி வரைக்கும் உப்பும். அவ்வளவு பெரிய பிழை உள்ளே இருக்கும்போது மேலே பலகை போட்டு வழிப்பதில் என்ன லாபம்?

தென்காசி பொறியாளர்:
கொல்லம் நண்பர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எடைதான் சிறந்தது. ஆனால் கிராமத்தில் தனி வீட்டுக்கு யாரும் எடை மேடை கொண்டுவருவதில்லை. அதே விதித்தொகுப்பு எம் 20 வரைக்கும் இந்த மாதிரி விகிதக் கலவையை அனுமதிக்கிறது. ஆகவே பெட்டி இருக்கத்தான் போகிறது, பெட்டியால் எவ்வளவு ஒழுங்காக அளக்கலாம் என்பதுதான் கேள்வி.

கொத்தனார் அண்ணனின் கணக்கை அப்படியே போட்டுப் பார்க்கலாம். ஒன்றரைப் பெட்டி என்றால் 52 லிட்டர் சொச்சம். மணல் 25 சதவீதம் உப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நாம் போட வேண்டியது 65 லிட்டருக்கு மேல். 13 லிட்டர் பற்றாக்குறை. கூம்பில் கிடைப்பது நாலரை லிட்டர். அரைப் பெட்டியைக் கோட்டோடு நிறுத்துவதால் அங்கே கூம்பு கிடையாது. ஆக, கூம்பு போட்டும் மணல் குறைவாகத்தான் போகிறது. மணல் குறைந்தால் கலவை கரடாக வரும், பீமின் அடியில் பலகை பிரிக்கும்போது தேன்கூடு மாதிரி ஓட்டை தெரியும்.

இன்னொன்று, ஜல்லி ஈரத்தில் உப்பாது. பையன்களிடம் கூம்பாகப் போடு என்று சொல்லிவிட்டால் ஜல்லிப் பெட்டியும் கூம்பாகத்தான் வரும். மணலுக்குச் சொன்ன நியாயம் ஜல்லியில் அநியாயமாகிவிடும்.

உப்பல் எவ்வளவு என்று சைட்டிலேயே பார்க்கலாம். பக்கம் நேராக இருக்கிற ஒரு தகர டின்னில் ஈர மணலைத் தளர்வாக 20 சென்டிமீட்டர் உயரம் போடுங்கள். அதை வெளியே எடுத்து வைத்துவிட்டு, டின்னில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போட்டு ஒரு கம்பியால் கிளறி அமர விடுங்கள். மணல் இப்போது 16 சென்டிமீட்டரில் நின்றால், 16க்கு 4 உப்பியிருந்தது, அதாவது 25 சதவீதம். அந்த அளவைத் தனியாக ஒரு சின்னப் பெட்டி அடித்து அதில் தலைதட்டிச் சேருங்கள். ஈர மணல் தன்னோடு மூட்டைக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீரையும் கொண்டுவரும், அதை வாளியில் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடையநல்லூர் கொத்தனார்:
மேடம், டின் கணக்கு சரி. ஆனால் லோடுக்கு லோடு டின் வைத்துக்கொண்டு உட்கார முடியுமா? கான்கிரீட் போடுகிற அன்றைக்கு ஆள் கூலி ஓடிக்கொண்டிருக்கும். ஈரத்தைக் கையில் பிடித்துப் பார்த்தே எனக்குத் தெரியும். அப்புறம் ஜல்லிக் கூம்பு பற்றிச் சொன்னீங்க. பெட்டியை ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு மெஷினுக்குப் போவதற்குள் அந்தக் கூம்பு வழியிலேயே சரிந்துவிடும். போய்ச் சேருவது மட்டமான பெட்டிதான்.

புளியரை ஃபோர்மேன்:
சரிவது உண்மை. ஆனால் ஒருத்தன் மெதுவாக நடப்பான், அவனிடம் கூம்பு அப்படியே வரும். இன்னொருத்தன் ஓட்டமாக வருவான், விளிம்புக்குக் கீழேயும் கொட்டிவிடுவான். அப்படி வந்தால் காலையில் போட்ட கான்கிரீட்டும் மதியம் போட்டதும் ஒன்றாக இருக்காது. மட்டமாக இருந்தால் குறைந்ததும் கூடினதும் தூரத்திலிருந்தே என் கண்ணுக்குத் தெரியும். கூம்பு நாலரை லிட்டரா, ரெண்டு லிட்டரா என்று யார் பார்த்துச் சொல்வது?

கையில் பிடித்துப் பார்ப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. லேசாக நனைந்த மணல்தான் நன்றாக உப்பும். குவியலின் அடியில் ஊறி, தண்ணீர் வடிகிற மணல் திரும்ப அமர்ந்துவிடும். ஒரே குவியலில் மேல் மணலுக்கு ஒரு கணக்கு, அடி மணலுக்கு வேறு கணக்கு. தூக்குகிற பையனுக்குக் கூடத் தெரியும், உப்பின மணல் பெட்டி காய்ந்த மணல் பெட்டியை விட எடை குறைவாக இருக்கும். அதனால் முந்தின நாள் சாயந்தரமே குவியலுக்குத் தார்ப்பாய் போட்டுவிடுவேன், காலையில் கிளறி ஒன்றாக்கிவிட்டு ஒரே ஒரு டின் பார்ப்பேன். லோடுக்கு லோடு பார்ப்பதில்லை, அதில் நீங்கள் சொல்வது சரி.

அச்சன்கோவில் வீட்டுக்காரர்:
இதைப் படித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. எங்கள் மாடிக்கு 600 சதுர அடி, 5 இன்ச் தளம் போட்டோம். 49 மூட்டைதான் செலவானது. கான்டிராக்டர் சிமெண்டை மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்று பெருமையாகச் சொன்னார். இது கூம்பு வேலையா?

தென்காசி பொறியாளர்:
600 சதுர அடிக்கு 5 இன்ச் என்றால் 250 கன அடி, ஏழு கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்த விகிதத்தில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை பிடிக்கும், ஆக 56 மூட்டை. பீம் இருந்தால் இன்னும் கூடும். 7 மூட்டை குறைவது எட்டில் ஒரு பங்கு, ஃபோர்மேன் சொன்ன கூம்பு அளவுக்கு ஒத்துப்போகிறது. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. தளம் நாலரை இன்ச்தான் விழுந்திருந்தாலும் மூட்டை குறையும். கனத்தை எங்காவது ஒரு துளையில் அளந்து பாருங்கள், வார்த்தபோது கட்டி எடுத்திருந்தால் 28 நாள் சோதனை முடிவைக் கேளுங்கள்.

அச்சன்கோவில் வீட்டுக்காரர்:
கட்டி எதுவும் எடுக்கவில்லை மேடம். விளக்குக்கு விட்ட துளை ஒன்று இருக்கிறது, நாளைக்கு ஸ்கேல் விட்டுப் பார்க்கிறேன்.

கொல்லம் ரெடிமிக்ஸ்:
பார்த்தீர்களா, எடை போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

புளியரை ஃபோர்மேன்:
உங்கள் லாரி வருகிற இடத்தில் தாராளமாகப் போடுங்க. மலையோரத்துச் சந்தில் பாண்டும் பெட்டியும்தான் போகும்.

கடையநல்லூர் கொத்தனார்:
சரி, சின்னப் பெட்டி ஒன்று அடிக்கச் சொல்கிறேன். ஜல்லியையும் நிரவிப் போடச் சொல்கிறேன். ஆனால் ஒன்று கேட்கணும். இப்போ வருவதெல்லாம் எம்-சாண்ட்தான், அதில் தூசும் இருக்கிறது. ஆற்று மணல் உப்புகிற மாதிரியேதான் இதுவும் உப்புமா? எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது.

தென்காசி பொறியாளர்:
உப்பும். எவ்வளவு என்பது அதன் பொடித்தன்மையைப் பொறுத்தது, குவாரிக்குக் குவாரி மாறும். ஆற்று மணலுக்கு வைத்திருந்த கணக்கை இதற்கு அப்படியே எடுக்காதீர்கள். டின்னில் மேலே கலங்கின தூசு தனிப் படலமாக நிற்கும், அதையும் மணலோடு சேர்த்துப் படித்துவிடாதீர்கள்.

புளியரை ஃபோர்மேன்:
அந்தப் படலத்தை விட்டுவிட்டுப் படிப்பதில்தான் எனக்கும் என் மேஸ்திரிக்கும் ஒத்துவரவில்லை மேடம். தூசும் கலவைக்குள் போகிற சரக்குதானே, அதை ஏன் விட வேண்டும் என்று அவர் கேட்கிறார். அடுத்த லோடு திங்கட்கிழமை வருகிறது. ரெண்டு விதமாகவும் அளந்து போடுகிறேன்.