புதுப்பிப்பு: கிணற்று மோட்டார் மாற்றியாகிவிட்டது

முன்பு கேட்டது: “எரிந்துபோன நீர்மூழ்கி மோட்டாரின் தகட்டைப் படமெடுத்துப் போட்டிருக்கிறேன். 5 எச்.பி., 3 பேஸ், ஹெட் 30 மீட்டர், 9 ஆம்பியர். கடைக்காரர் 50 மீட்டர் ஹெட் உள்ளதை எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?”

எடுக்கவில்லை. ஹெட் கூடினால் நல்லது என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்; கிணறு ஆழமாக இருந்தால் அது சரிதான். ஆனால் 50 மீட்டருக்குச் செய்த பம்ப் 30 மீட்டரில் ஓடினால் அளவுக்கு மீறித் தண்ணீர் தள்ளும், ஆம்பியரும் ஏறும் என்று காயில் கட்டும் அண்ணன் தடுத்துவிட்டார். “முதலில் கயிறு விட்டு அளந்து பாருங்கள் தம்பி” என்றார்.

கோடையில் நீர்மட்டம் 22 மீட்டர் கீழே. தொட்டி வாய் 4 மீட்டர் மேலே. குழாய் உரசலுக்கு 3 மீட்டர் சேர்த்தால் தேவையான ஹெட் 29. ஆகவே 24 முதல் 36 மீட்டர் வரை எழுதிய 5 எச்.பி. மோட்டாரையே வாங்கினேன். தகட்டில் 9 ஆம்பியர். ஓடும்போது மூன்று பேஸிலும் 8.4 சுற்றியே காட்டுகிறது.

கன்டென்சரை மாற்றச் சொன்ன நண்பருக்கு: அது உங்கள் வீட்டு ஒரு பேஸ் மோட்டாருக்கு, ஐயா.

ஸ்டார்ட்டரைத் திறந்தால், ஆம்பியர் ஏறினால் மோட்டாரை நிறுத்தும் ரிலேயை 14 ஆம்பியரில் வைத்திருந்தார்கள்! 9க்கு இறக்கிவிட்டோம். பழைய மோட்டார் எரிந்தது அதனாலா, ஒரு பேஸ் போனதாலா என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் வழக்குத்தான்.