பன்னிரண்டு பால் தொட்டிகளுக்கு ஒரே நிரல்: அரேயும் லூப்பும் போதுமா, தனித்தனி ரொட்டீன்களே நல்லதா?

பால்பண்ணைப் பொறியாளர் (கேள்வி)

எங்கள் ஆலையில் 12 பால் சேமிப்புத் தொட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பநிலை உணரி, ஒரு மட்ட உணரி, ஒரு குளிர்நீர் வால்வு, ஒரு அஜிடேட்டர் இருக்கின்றன. கன்ட்ரோல்லாஜிக்ஸ் பிஎல்சியில் முதல் தொட்டியின் ரொட்டீனை நகலெடுத்து, டேக் பெயர்களை மாற்றி, 12 ரொட்டீன்களாக எழுதியிருக்கிறார்கள். இப்போது ஒரு திருத்தம் என்றால் 12 இடங்களில் செய்ய வேண்டியிருக்கிறது. ஐந்தாம், ஒன்பதாம் தொட்டிகளில் பழைய திருத்தம் ஒன்று விடுபட்டே போயிருக்கிறது. இதை `Tank[i]` என்ற அரேயாக்கி, FOR கட்டளையால் ஒரே ரொட்டீனை 12 முறை ஓடவிட நினைக்கிறேன். பராமரிப்புப் பிரிவினர் வேண்டாம் என்கிறார்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இரவுப்பணி மேற்பார்வையாளர்

உங்கள் பராமரிப்புப் பிரிவினர் சொல்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. இரவு இரண்டு மணிக்கு ஏழாம் தொட்டியின் வால்வு திறக்கவில்லை என்று அழைப்பு வந்தால், நான் `Tank7_ChillValve` என்ற டேக்கைத் தேடி, அது எழுதப்படும் ரங்கைத் திறந்து, எந்தக் கான்டாக்ட் பச்சையாகவில்லை என்று பார்ப்பேன். அரே முறையில் `Tank[7]` என்று தேடினால் உள்ளீடு வெளியீடு இணைக்கும் ரொட்டீன் மட்டுமே கிடைக்கும். உண்மையான நிரலில் `Tank[i]` என்றுதான் இருக்கும். அந்த ரங்கைத் திறந்தாலும், திரையில் தெரிவது எந்தத் தொட்டியின் நிலை என்று யாராலும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, லூப் ஸ்கேன் நேரத்தைக் கூட்டி, ஸ்கேன் குறித்த நேரத்தில் முடிகிறதா என்று காவல் காக்கும் வாட்ச்டாக்கில் ஒருநாள் கொண்டுபோய் நிறுத்தும். பால் கெட்டால் அதற்கு நிரலாளர் பதில் சொல்வதில்லை.

ஆட்டோமேஷன் முதியவர்

தேடல், திரை ஆகிய இரண்டைப் பற்றியும் மேற்பார்வையாளர் சொன்னது முழு உண்மை. அதற்குத் தீர்வு வைக்காமல் அரேயைப் புகுத்தக் கூடாது. ஸ்கேன் நேரம் பற்றிச் சொன்னதுதான் பொருந்தவில்லை. 12 நகல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவதும் ஒரே நகலை 12 முறை ஓட்டுவதும் ஏறத்தாழ ஒரே வேலைதான். இன்டெக்ஸ் வழியாக முகவரியைக் கணக்கிடச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகும் என்றாலும், இயல்பான 500 மில்லிநொடி வாட்ச்டாக்கின் முன் அது பொருட்டே அல்ல. லூப் வாட்ச்டாக்கைத் தட்டுவது அது முடியாமல் போகும்போதுதான். உள்ளே இருக்கும் ஏதோ ஒரு ரங்க் `i`-இல் வேறொரு மதிப்பை எழுதினாலோ, அதே டேக்கை இன்னொருவர் வேறு லூப்புக்குப் பயன்படுத்தினாலோ அப்படி நேரும். அப்போது டைப் 6 கோட் 1 பிழை வரும். ஆகவே `i` அந்த ஒரு லூப்புக்கு மட்டுமே உரியதாக இருக்கட்டும்; லூப்புக்கு வெளியே அதை யாரும் தொட வேண்டாம், ஏனென்றால் லூப் முடிந்தபின் அது எல்லையைத் தாண்டி 13-இல் நிற்கக்கூடும்.

கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டிய பெரிய ஆபத்து வேறு. நகலை லூப்பாக்கும்போது கணக்குகளெல்லாம் அரேக்குள் வந்துவிடும். நினைவில் வைக்க வேண்டிய பிட்டுகள் வெளியிலேயே தங்கிவிடும். பழைய ரொட்டீனில் `Ons1` என்ற ஒரு சேமிப்புப் பிட்டோடு ONS இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் பால் நிரம்பத் தொடங்கும்போது ஒருமுறை மட்டும் நிரப்பு எண்ணிக்கையை ஒன்று கூட்டுவது அதன் வேலை. இதை அப்படியே லூப்பில் வைத்தால், மூன்றாம் தொட்டி மட்டும் நிரம்பும்போது முதல், இரண்டாம் சுற்றுகளில் ரங்க் பொய்யாகி அந்தப் பிட்டை அழிக்கும். மூன்றாம் சுற்றில் ரங்க் மெய்யாகும், பிட் வெறுமையாக இருக்கும், எனவே எண்ணிக்கை கூடும். நான்காம் சுற்று மீண்டும் பிட்டை அழித்துவிடும். அடுத்த ஸ்கேனில் இதே கதை நடக்கும். எண்ணிக்கை ஸ்கேனுக்கு ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். மூன்றாம், நான்காம் தொட்டிகள் ஒன்றாக நிரம்பினால் நிலைமை இன்னும் விசித்திரமாகும்: மூன்றாம் சுற்று பிட்டை ஒன்றாக்கிவிட்டதால், நான்காம் தொட்டியின் எண்ணிக்கை நகரவே நகராது. ஒரே நேரத்தில் ஒன்று தாறுமாறாக ஏறி, அதற்கு அடுத்தது உறைந்து நின்றால், பகிரப்பட்ட பிட் இது என்று உடனே சந்தேகிக்கலாம்.

டைமருக்கும் இதுவே விதி. எல்லாச் சுற்றுகளும் ஒரே TON-ஐ ஓட்டினால், நிபந்தனை பொய்யான தொட்டியின் சுற்று வந்ததும் அது பூஜ்யமாகிவிடும். தாமதம் ஒருபோதும் முடியாது. `Tank[i].OnsFill`, `Tank[i].AgitTmr` என்று ஒவ்வொன்றும் தொட்டிக்கென நாம் வரையறுக்கும் தரவு வகையான யுடிடிக்குள் இருக்க வேண்டும். குளிர்நீர் வால்வின் தேவையைக் கணக்கிடும் வரிகூடத் தன் முந்தைய நிலையைத் தன் தொட்டியிலிருந்தே எடுக்க வேண்டும்:

```
Tank[i].ChillReq := (Tank[i].Temp > Tank[i].SP + 0.5)
    OR (Tank[i].ChillReq AND (Tank[i].Temp > Tank[i].SP - 0.5));
```

குறியளவு 4 டிகிரி என்றால் 4.5-ஐத் தாண்டும்போது வால்வு திறக்கும், 3.5-க்கு இறங்கியபின் மூடும். இடைப்பட்ட வெப்பநிலையில் வால்வு எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தத் தொட்டியின் பழைய `ChillReq` மட்டுமே சொல்லும்.

போர்வெல் பொறியாளர்

நானும் இதே முறையை 12 நீரேற்று நிலையங்களுக்கு எஃப்எக்ஸ் வகை பிஎல்சியில் செய்திருக்கிறேன். கேள்வி உள்ளீட்டு முகவரிகளை இன்டெக்ஸ் வழியாகப் படிப்பது பற்றியது என்று புரிந்துகொண்டு எழுதுகிறேன். நிலையம் ஒன்றுக்கு 20 சொற்கள், முதல் நிலையம் D100-இல் தொடங்கும், `D100Z0` என்று எழுதி Z0-இல் நிலைய எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து 20-ஆல் பெருக்கி வைத்தோம். பன்னிரண்டாம் நிலையம் D339-இல் முடியும். ஒருநாள் இயக்குபவர் 13 என்று தட்டிவிட்டார். பிஎல்சி எந்தப் பிழையும் காட்டவில்லை. D340-இலிருந்து வைத்திருந்த எச்சரிக்கை எல்லைகளின்மேல் அமைதியாக எழுதிவிட்டது. மறுநாள் தவறான எச்சரிக்கைகள் வரும்வரை யாருக்கும் தெரியவில்லை. அரே வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையா?

ஆட்டோமேஷன் முதியவர்

நண்பரே, கேள்வி உள்ளீட்டு முகவரிகளைப் பற்றியது அல்ல. அவற்றை இன்டெக்ஸால் படிக்காமல், தொட்டிக்கு ஒரு வரியாகக் கையால் இணைப்பதே நல்லது. வயரிங் ஒருபோதும் எண் வரிசைப்படி அமைவதில்லை. ஆயினும் உங்கள் அனுபவம் இங்கே மிகவும் பயனுள்ளது. நீங்கள் சொன்ன முறையில் எல்லை மீறல் பக்கத்து நினைவகத்தைக் கெடுக்கிறது. லாஜிக்ஸில் அரேயின் எல்லை காக்கப்படுகிறது, ஆனால் அதன் விலை வேறு: `Tank[13]` என்று அறிவித்தால் 0 முதல் 12 வரை உண்டு, 13 வந்தால் டைப் 4 கோட் 20 பெரும்பிழை எழும், பிழை ரொட்டீனில் கையாளாவிட்டால் கன்ட்ரோலரே நின்றுவிடும். ஒரு தொட்டியின் திரையில் தட்டிய தவறான எண் 12 தொட்டிகளின் குளிரூட்டலையும் நிறுத்தும். பூஜ்யம் வந்தால் பிழையே எழாது, யாருக்கும் பயன்படாத `Tank[0]`-இல் எழுதிவிட்டுப் போய்விடும். ஆகவே திரையிலிருந்து வரும் எந்த எண்ணும் சோதிக்கப்படாமல் அரேக்குள் நுழையக் கூடாது:

```
IF (HMI_Sel >= 1) AND (HMI_Sel <= 12) THEN
    COP(Tank[HMI_Sel], ViewTank, 1);
END_IF;
```

இந்த `ViewTank` மேற்பார்வையாளரின் குறைக்கும் ஓரளவு பதில். தொட்டி எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அதன் எல்லா மதிப்புகளும் நிலையான பெயரில் தெரியும்.

இரவுப்பணி மேற்பார்வையாளர்

மதிப்புகள் தெரியும், தர்க்கம் தெரியாது. அஜிடேட்டர் ஓடவில்லை என்றால் மட்டம் குறைவா, மேன்ஹோல் திறந்திருக்கிறதா, கழுவும் சுழற்சி நடக்கிறதா என்று நான் ரங்கில்தான் பார்ப்பேன்.

ஆட்டோமேஷன் முதியவர்

அதற்கு ஒவ்வொரு தொட்டியிலும் `BlockCode` என்று ஓர் எண் வையுங்கள். எந்த இன்டர்லாக் முதலில் தடுத்ததோ அதன் எண் அதில் நிற்கட்டும். திரையில் அதற்குரிய வாக்கியம் தமிழிலேயே வரட்டும். மடிக்கணினியைத் திறக்காமலே காரணம் தெரிந்துவிடும்.

இரவுப்பணி மேற்பார்வையாளர்

இது எனக்குப் பிடித்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நிரலாளர் எதிர்பார்த்த காரணங்களுக்கு மட்டுமே அந்த எண் இருக்கும். இரவில் எங்களைத் தவிக்கவிடுவது அவர் எதிர்பார்க்காதவைதான்.

பாட்டில் ஆலை நிரலாளர்

இருவரும் லூப்பை மட்டுமே வைத்துப் பேசுகிறீர்கள். ஏஓஐ எனப்படும், நாமே உருவாக்கும் ஆட்-ஆன் கட்டளை ஒன்றை எழுதி, அதைத் தொட்டிக்கு ஒரு ரங்காக 12 முறை அழைத்தால் மேற்பார்வையாளரின் குறை முழுவதும் தீர்ந்துவிடும். ஏழாம் தொட்டியின் அழைப்பைத் திறந்தால், உள்ளே இருக்கும் தர்க்கம் ஏழாம் தொட்டியின் மதிப்புகளோடு உயிரோட்டமாகத் தெரியும். ONS பிட்டும் டைமரும் அதனதன் டேக்கிலேயே இருப்பதால், பகிரப்படும் பேச்சுக்கே இடமில்லை. இன்டெக்ஸே இல்லாததால் கோட் 20-ம் வராது.

ஆட்டோமேஷன் முதியவர்

நல்ல வழி, அதன் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏஓஐயின் உள்தர்க்கத்தை ஓட்டத்தின்போது திருத்த முடியாது. மாற்றினால் முழு நிரலையும் மீண்டும் இறக்க வேண்டும், அதற்குக் கன்ட்ரோலரை நிறுத்த வேண்டும். 24 மணி நேரமும் பால் வரும் ஆலையில் அதற்கு இடைவெளி கிடைப்பது அரிது. லூப்பில் ஓடும் ரொட்டீனை ஓட்டத்திலேயே திருத்தலாம்.

பாட்டில் ஆலை நிரலாளர்

அந்த வசதியைத்தான் நான் அஞ்சுகிறேன். லூப்பில் ஓட்டத்தின்போது செய்யும் ஒரு தவறான திருத்தம் அடுத்த ஸ்கேனிலேயே 12 தொட்டிகளிலும் நடைமுறைக்கு வந்துவிடும். தனித்தனி நகல்களில் ஒரு தொட்டியில் சோதித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம் என்ற காப்பு இருந்தது. சோதனை முடிந்த ஏஓஐயை மாதம் ஒருமுறை கழுவும் நிறுத்தத்தில் இறக்குவதே பாதுகாப்பு என்பேன்.

பால்பண்ணைப் பொறியாளர்

எல்லோருக்கும் நன்றி. ஒரு சிக்கலை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்: பதினொன்றாம், பன்னிரண்டாம் தொட்டிகளில் அஜிடேட்டர் இல்லை. `IF i > 10` என்று எழுதினால் போதுமா?

ஆட்டோமேஷன் முதியவர்

வேண்டாம். நிரலுக்குள் தொட்டி எண் வந்துவிட்டால் அது ஒரே நிரலாக இருப்பது அன்றே முடிந்துவிடும்; அடுத்த ஆண்டு இன்னொரு விதிவிலக்கு வரும். `Tank[i].Cfg.HasAgit` என்று ஒரு பிட் வைத்து, அந்த இரண்டுக்கும் அதைப் பூஜ்யமாக்குங்கள். அப்படிப்பட்ட பிட்டுகள் நாலைந்துக்கு மேல் தேவைப்பட்டால் அந்தத் தொட்டிகள் ஒரே மாதிரியானவை அல்ல என்று கொண்டு, அவற்றுக்குத் தனி ரொட்டீன் எழுதலாம்.

இரவுப்பணி மேற்பார்வையாளர்

லூப்போ ஏஓஐயோ, எங்கள் பிரிவினர் முன்னிலையில் ஏழாம் தொட்டியின் மேன்ஹோலைத் திறந்துவைத்து, அஜிடேட்டர் ஏன் ஓடவில்லை என்பதை அவர்களே கண்டுபிடிக்கும்வரை பழைய ரொட்டீன்களை அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பால்பண்ணைப் பொறியாளர்

அதை ஏற்கிறேன். பழையவற்றை அழைக்காமல், திட்டத்திலேயே வைத்திருப்பேன். எங்கள் ஆலையில் மாதாந்திர நிறுத்தம் உறுதியாகக் கிடைக்குமா என்பதை உற்பத்திப் பிரிவிடம் கேட்ட பிறகே லூப்பா ஏஓஐயா என்று முடிவு செய்ய முடியும்.