உதவி: மதியத்துக்குப் பிறகு ஆர்எல்எஸ் மதிப்பீடு தாறுமாறாகப் போகிறது (λ = 0.98)

தொட்டிக்காரன், காரைக்குடி – மாலை 3:52
அவசரம். ஒவ்வொரு அளவீட்டிலும் மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டே போகும் மீச்சிறு வர்க்க முறையான ஆர்எல்எஸ் மூலம் என் மாதிரியின் a, b இரண்டையும் ஓட்டத்திலேயே கணித்து, அவற்றைக் கொண்டு வால்வைத் திறந்து மூடுகிறேன். காலையில் அருமையாக ஓடுகிறது. மதியத்துக்குப் பிறகு b எதிர்மறையாகி, வால்வு தலைகீழாக வேலை செய்கிறது. இன்று 94 டிகிரிக்கு ஏறிவிட்டது. மறதிக் காரணி λ = 0.98. நிரலை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். எங்கே தவறு?

மின்னல்வேலி – மாலை 4:05
எது 94 டிகிரிக்கு ஏறியது? என்ன வால்வு? எத்தனை நொடிக்கு ஒரு அளவீடு? எதையுமே சொல்லவில்லையே தம்பி.

பானைச்சோறு – மாலை 4:11
மதியம் மின்சாரம் போய் வருகிறதா? எங்கள் தேவகோட்டைப் பக்கம் அப்படித்தான். மின்சாரம் போனால் கணித்த மதிப்புகளைச் சாதனம் மறந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலையான நினைவகத்தில் எழுதி வையுங்கள், மறதி போய்விடும்.

மின்னல்வேலி – மாலை 4:14
அந்த மறதி இல்லை அண்ணே. பழைய அளவீடுகளின் எடையை ஒவ்வொரு முறையும் λ மடங்காகக் குறைப்பதைத்தான் அவர் சொல்கிறார்.

தொட்டிக்காரன், காரைக்குடி – மாலை 4:30
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். சித்தப்பாவின் சாயப்பட்டறையில் உள்ள வெந்நீர்த் தொட்டி. நூலுக்குச் சாயமேற்ற 80 டிகிரியில் நிற்க வேண்டும். நீராவிச் சுருள், மோட்டார் வால்வு. பத்து நொடிக்கு ஓர் அளவீடு. ஆழ்துளைக் கிணற்று நீர் என்பதால் சுருளில் உப்புப் படிகிறது. மூன்று மாதத்துக்கு முன் 34 சதவீதத் திறப்பில் நின்ற வெப்பம் இப்போது 40 கேட்கிறது. அந்த மாற்றத்தைத் தொடரத்தான் ஆர்எல்எஸ். மாதிரி இது, T என்பது அறை வெப்பத்துக்கு மேலுள்ள டிகிரி, u என்பது வால்வுத் திறப்பின் சதவீதம்:

```
T[k+1] = a*T[k] + b*u[k]
```

காலையில் a = 0.98, b = 0.025 வருகிறது.

கணக்கன்64 – மாலை 4:48
`float` பயன்படுத்துகிறீர்கள் அல்லவா? அதுதான் காரணம். மதிப்பீட்டில் எவ்வளவு ஐயம் மிச்சம் என்று சொல்லும் P அணியைத் திரும்பத் திரும்பக் கழித்தால் சமச்சீர் கெட்டு, நேர்க்குறித் தன்மையே போய்விடும். U-D காரணிப்படுத்தலுக்கு மாறுங்கள். எனக்கு ஒரு மோட்டார் வேலையில் இதே நோய் வந்து, இதே மருந்தில்தான் தீர்ந்தது.

பழைய கட்டுப்பாட்டாளர் – மாலை 5:20
ஆர்எல்எஸ் எழுதுவதற்கு முன் அதன் அடிப்படையைப் படிக்க வேண்டும். உள்ளீடு அசையாத இடத்தில் இரண்டு எண்களைக் கணிக்க முடியாது என்பது முதல் பாடம். இந்தக் களத்தில் இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? மதியம் ஒன்று முதல் மூன்று வரை பட்டறையில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். P அணியின் மூலைவிட்ட எண்களையும் அச்சிடுங்கள்.

தொட்டிக்காரன், காரைக்குடி – மாலை 6:02
ஐயா, ஒன்று முதல் மூன்று வரை சாப்பாட்டு நேரம். யாரும் தண்ணீர் எடுப்பதில்லை. தொட்டி 80-லேயே நிற்கும், வால்வு 40-லேயே நிற்கும். பதிவில் பார்த்தேன்: P-இன் இரண்டாவது மூலைவிட்ட எண் 12:50-க்கு 0.00003. மூன்று மணிக்கு 1.7. அப்போது a = 1.06, b = -0.075. ஆனால் கணிப்புப் பிழை அந்த இரண்டு மணி நேரமும் மிகச் சிறிதாகவே இருந்தது, அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வள்ளி_கட்டுப்பாடு – இரவு 7:15
தம்பி, உங்கள் எண்களே விடை சொல்கின்றன. அறை 30 என்றால் T = 50, u = 40. காலை மதிப்புகளைப் போடுங்கள்: 0.98 × 50 + 0.025 × 40 = 50. மூன்று மணி மதிப்புகள்: 1.06 × 50 − 0.075 × 40 = 53 − 3 = 50. இரண்டுமே சரி! தொட்டி அசையாமல் நிற்கும்வரை 50a + 40b = 50 என்ற கோட்டில் எந்தப் புள்ளியும் பொருந்தும். பிழை சிறிதாக இருந்தது அதனால்தான். மதிப்பீடு அந்தக் கோட்டின் வழியே வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது.

வழுக்கியதற்குக் காரணம் λ. புதிய செய்தி வராத திசையில் P ஒவ்வொரு பத்து நொடிக்கும் 0.98-ஆல் வகுபடுகிறது. இரண்டு மணி நேரம் என்றால் 720 முறை; கணக்குப்படி இருபது லட்சம் மடங்கு பெருக வேண்டும். உங்களுடையது சுமார் 56,000 மடங்கில் நின்றதற்குக் காரணம் உணரியின் சின்னச் சின்ன நடுக்கம். ஆனால் மதிப்பீடு அந்த இரைச்சலிலிருந்துதான் பாடம் படித்தது. மூன்று மணிக்கு யாரோ தண்ணீர் திறந்ததும் தவறான b வெளியே வந்துவிட்டது.

0.98-இன் நினைவு ஏறக்குறைய ஐம்பது அளவீடு, அதாவது எட்டு நிமிடம். உங்கள் உப்புப் படிவதோ மாதக்கணக்கில். λ = 0.9997 வையுங்கள், நினைவு ஒன்பது மணி நேரமாகும். சாப்பாட்டு நேரத்தில் P ஒன்றேகால் மடங்குதான் பெருகும். அதோடு செய்தி இல்லாதபோது புதுப்பிப்பதையே நிறுத்துங்கள்:

```
q = phi' * P * phi
if q > 2*(1-lambda): update(theta, P)
```

φ என்பது T, u இரண்டும்; θ என்பது a, b இரண்டும். φ மாறாமல் நின்றால் q தானாக 1−λ-க்கு வந்து அமரும். அதன் இரு மடங்குக்குக் கீழே போனால் புதிதாக எதுவும் வரவில்லை என்று பொருள். θ, P இரண்டையும் அப்படியே உறைய விடுங்கள். P-ஐ மட்டும் λ-ஆல் வகுத்துக்கொண்டிருந்தால் பயனில்லை.

கணக்கன்64 – இரவு 7:40
அப்படியானால் சமச்சீர் பிரச்சினையே இல்லை என்கிறீர்களா?

வள்ளி_கட்டுப்பாடு – இரவு 7:52
இருக்கலாம், P = (P + P')/2 சேர்ப்பது நல்லதுதான். ஆனால் எத்தனை இலக்கத் துல்லியம் வைத்தாலும் இந்த 1.7 வந்தே தீரும்.

மின்னல்வேலி – இரவு 8:10
நிறுத்துவதற்குப் பதில் வால்வை ஐந்து சதவீதம் மேலும் கீழும் ஆட்டினால் என்ன? செய்தி தொடர்ந்து வருமே.

நூல்காரர் – இரவு 8:25
சாயம் ஏறும்போது வெப்பத்தை ஆட்டுவதா? கட்டுக்குக் கட்டு நிறம் மாறினால் அந்தக் கண்டாங்கியை யார் வாங்குவார்கள்? மாதம் ஒருமுறை சுருளை அமிலத்தில் கழுவுங்கள், சாதாரண பிஐடி போதும். நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

மின்னல்வேலி – இரவு 8:31
ஐயா, பத்து நொடிக்கு ஒருமுறை மாற்றி மாற்றி ஆட்டினால் தொட்டி அரை டிகிரிகூட அசையாது. தொட்டியின் நேர மாறிலி எட்டு நிமிடம்.

நூல்காரர் – இரவு 8:44
அரை டிகிரிகூட அசையாது என்றால் அதிலிருந்து என்ன செய்தி வரும்?

பழைய கட்டுப்பாட்டாளர் – இரவு 9:05
1981-இல் ஃபார்டெஸ்கியூ, கெர்ஷன்பாம், இட்ஸ்டி மூவரும் பிழையின் அளவுக்கேற்ப λ-வையே மாற்றும் வழியை வெளியிட்டார்கள். பிழை சிறிதானால் λ ஒன்றை நெருங்கும். அதைச் செய்தால் இந்த வரம்பெல்லாம் வேண்டாம்.

வள்ளி_கட்டுப்பாடு – இரவு 9:20
நல்ல வழிதான் ஐயா. ஆனால் மூன்று மணிக்குக் குளிர்ந்த நீர் விழுந்ததும் பிழை பெருகும், அந்த வழியில் λ சட்டென்று குறையும், P பெருகும். அது இடையூறு, சுருளின் மாற்றம் அல்ல. இவர் தொட்டிக்கு அது ஒத்துவராது என்றே நினைக்கிறேன். நீர் நிரப்பும் வால்வு திறந்திருக்கும்போதும் புதுப்பிப்பை நிறுத்த வேண்டும்.

இன்னொன்று தம்பி, அறை வெப்பம் 30 என்று நிலையாக வைத்திருக்கிறீர்களா? நம் ஊர் வெயிலில் மதியம் அது எட்டுப் பத்து டிகிரி ஏறும். அந்த ஏற்றத்தையும் a, b-இல்தான் திணிப்பீர்கள்.

பழைய கட்டுப்பாட்டாளர் – இரவு 9:33
நிரப்பும் வால்வைப் பற்றிச் சொன்னது சரி. λ-வுக்கு ஒரு கீழ் வரம்பு வைத்தால் என் வழியும் நிற்கும்.

தொட்டிக்காரன், காரைக்குடி – மறுநாள் மாலை 4:18
λ = 0.9997, q நிபந்தனை, நிரப்பும்போது நிறுத்தம் மூன்றையும் போட்டேன். மூன்று மணிக்கு b = 0.0246, தொட்டி 79.6. அறை வெப்பத்துக்கு இன்னோர் உணரி வாங்க வேண்டும். நன்றி வள்ளி அக்கா, நன்றி ஐயா. நூல் இறக்க அழைக்கிறார்கள்.