சம்பளச் சீட்டில் எண், கடைப் பலகையில் வேறு பெயர்: யார் என் முதலாளி?

புதியவர்: ஒன்ராறியோவில் ஒரு காப்பிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. வீட்டு வாடகை விண்ணப்பத்தில் வேலை தருபவரின் சட்டப் பெயரைக் கேட்கிறார்கள். கடைப் பலகையில் எல்லோரும் அறிந்த பெயர் இருக்கிறது. சம்பளச் சீட்டிலோ ஒரு நீண்ட எண்ணும் அதன்பின் Ontario Inc. என்பதும் மட்டுமே உள்ளன. இது போலி நிறுவனமாக இருக்குமோ?

கணக்காளர்: எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். தனக்கென்று பெயர் வைத்துக்கொள்ளாமல் பதிவாகும் நிறுவனத்துக்கு மாகாணம் அளிக்கும் எண்ணே பெயராகிவிடும். பிரபலமான பெயரைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றுக் கடை நடத்துபவர்கள் பலர் இப்படித்தான் பதிந்திருக்கிறார்கள். பலகையிலுள்ள பெயருக்குச் சொந்தமான தலைமை நிறுவனம் அவர்களுடைய ஊழியர்களுக்கு முதலாளி ஆகாது. விண்ணப்பத்தில் எண்ணை Inc. உட்பட ஓர் எழுத்தும் விடாமல் எழுதி, o/a என்று சேர்த்து, அதன்பின் கடைப் பெயரை எழுதுங்கள். இன்ன நிறுவனம் இன்ன பெயரில் கடை நடத்துகிறது என்பதை அந்த o/a காட்டும்.

பழையவர்: இவ்வளவு எதற்கு? ஆண்டு முடிந்ததும் வருமான வரிக்காக முதலாளி தரும் T4 சீட்டில் சட்டப் பெயர் இருக்குமே.

கணக்காளர்: இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதில் முதலாளி பெயருக்கான இடத்தில் வணிகப் பெயரை எழுதும்படிதான் கனடா வருவாய் முகமையின் வழிகாட்டியே கூறுகிறது. வேலை ஒப்பந்தம் அதைவிட நம்பகமானது, ஏனெனில் ஒப்பந்தங்களிலும் விலைப்பட்டியல்களிலும் நிறுவனம் தன் பதிவுப் பெயரைக் காட்ட வேண்டும் என்பது சட்டம். பிறகு Ontario Business Registry தளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். நிறுவனம் இப்போதும் செயலில் உள்ளதா என்பது கட்டணமின்றித் தெரியும்.

சமையல்காரர்: நான் வீட்டிலிருந்து சமைத்து விற்க ஒரு பெயரைப் பதிந்திருக்கிறேன். அப்படியானால் நானும் ஒரு நிறுவனமா?

கணக்காளர்: இல்லை. நீங்கள் பதிந்தது 5 ஆண்டுகளுக்குச் செல்லும் வணிகப் பெயர் மட்டுமே. அதன் பின்னால் Inc., Ltd., Corp. எதுவும் வராது. ஒப்பந்தத்தில் உங்கள் சொந்தப் பெயரே சட்டப் பெயராக நிற்கும், கடனும் உங்கள் தலையில்தான்.

புதியவர்: தேடினேன், நிறுவனம் செயலில் உள்ளது. ஆனால் முதல் இரு வாரச் சம்பளம் வேறோர் எண் நிறுவனத்தின் கணக்கிலிருந்து வந்திருக்கிறது.

கணக்காளர்: ஒரே உரிமையாளருக்கு இரண்டு கடைகள் இருந்தால் அப்படி நேர்வதுண்டு. பணம் வந்த கணக்கை மட்டும் வைத்து முதலாளி யார் என்று முடிவு செய்ய நான் துணிய மாட்டேன். மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடமானால், 2025 ஜூலை 1 முதல் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சட்டப் பெயரையும் வணிகப் பெயரையும் எழுத்தில் தருவது கட்டாயம்.

புதியவர்: எங்கள் கடையில் பதினான்கு பேர்தான். மற்றக் கடையையும் சேர்த்து எண்ணுவார்களா என்று தெரியவில்லை. நாளை மேலாளருக்கு எழுதிக் கேட்கிறேன்.