44ஏஇ: நின்றுபோன லாரிக்கும் வருமானம் காட்டணுமா?

2025-26 வருமான வரிக் கணக்குக்கு உதவி வேணும். அண்ணனிடம் ரெண்டு வண்டி, பத்துக்குள்ளதான் என்பதால் 44ஏஇ பிரிவில் உத்தேச வருமானம் காட்டப் போகிறோம். ஒன்று 18.5 டன் லாரி. ஆர்சியில் மொத்த எடை 12,000 கிலோவைத் தாண்டுவதால் கனரக வண்டி. டன்னுக்கு மாதம் ₹1,000 வீதம் 12 மாதத்துக்கு ₹2,22,000 வருகிறது. இன்னொன்று மினி லாரி, எடை எவ்வளவானாலும் மாதம் ₹7,500. அதை ஆகஸ்ட் 5-ல் விற்றுவிட்டோம். மாதத்தில் ஒரு பகுதி இருந்தாலும் முழு மாதம் என்பதால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 5 மாதம், ₹37,500. ஆக மொத்தம் ₹2,59,500.

பெரிய லாரி மூணு மாதம் ஒர்க்‌ஷாப்பில் நின்றது, ஒரு ரூபாய் வரவில்லை. சட்டம் சொந்தமாக இருந்த மாதங்களைத்தான் பார்க்கிறது, ஓடிய மாதங்களை அல்ல, லோன் பாக்கி இருந்தாலும் உரிமையாளர்தான், அதனால் கழிக்க முடியாது என்பது என் புரிதல். அண்ணனுக்கு இது ரொம்ப அநியாயமாகப் படுகிறது, எனக்கும்தான். நின்ற மாதங்களைக் கழித்துக் காட்டி யாருக்காவது நோட்டீஸ் வந்திருக்கா? அப்புறம், அந்த அரை டன்னை அப்படியே 18.5 எனப் போடுகிறீர்களா, 19 ஆக்குகிறீர்களா? தாக்கல் செய்தவர்கள் சொல்லுங்க.